மக்காவின் மொட்டைக் கல்லும் தெஹிவளையின் சிவப்பு மண்ணும்
பௌதிக, இரசாயன வானிலையாலழிதல்: ஓர் ஒப்பீடு

சென்ற ஆண்டு உம்றாவை நிறைவேற்றி வந்த எங்கள் உம்மம்மா, தொலைபேசியில் எடுத்த படங்களை வீட்டார் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். ஹரத்தைச் சுற்றியுள்ள மலைகள், ஜபலுன் நூர், அரபா வெளியில் நிற்கும் ஜபலுர் ரஹ்மா என்று படங்கள் நகர்ந்தன. ஒரு மலையிலும் மண் போர்வை இல்லை. எங்கு பார்த்தாலும் வெறும் பாறை. அப்போது உம்மம்மா ஒரு கேள்வி கேட்டார்.

“அந்த வெயிலுக்குக் கல்லெல்லாம் பொடியாகிப் போயிருக்கோணுமே மகள்? அங்க மலையெல்லாம் மொட்டைக் கல்லாத்தான் நிக்கிது. எங்கட ஊட்டுக்குப் பின்னால கெணறு தோண்டக்க முப்பது அடிக்கும் ஒரு கல்லு அம்புடல்ல, எல்லாம் செவப்பு மண்ணுதான். நீ படிக்கிற புவியியல்ல இதுக்கு என்ன சொல்லியிருக்கு?”

உயர்தரப் புவியியலில் “பௌதிக வானிலையாலழிதலையும் இரசாயன வானிலையாலழிதலையும் ஒப்பிடுக” என்ற வினாவுக்கு நான் பல தடவை விடை எழுதியிருக்கிறேன். இரண்டு நிரல்கள் போட்டு, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் நான்கு என்று எழுதினால் புள்ளிகள் கிடைத்துவிடும். ஆனால் உம்மம்மாவின் கேள்விக்கு அந்த இரண்டு நிரல்களில் விடை இருக்கவில்லை. அதைத் தேடிப் படித்தபோது விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறேன்.

ஒரே குடும்பத்துப் பாறைகள்

தெஹிவளைக்கு அடியில் இருக்கும் பாறையும் மக்காவைச் சுற்றியுள்ள பாறையும் முற்றிலும் வேறுபட்டவையாக இருந்தால், கேள்விக்கு விடை அங்கேயே முடிந்துவிடும். ஆனால் அப்படி இல்லை. இலங்கையின் பத்தில் ஒன்பது பங்கு நிலத்துக்கு அடியில் பிரீகேம்பிரியன் காலத்துப் பழைய பளிங்குப் பாறைகள் இருக்கின்றன. எமது பக்கத்தில் இவை பெரும்பாலும் நைஸ் என்னும் உருமாறிய பாறைகள். மக்கா அமைந்திருப்பதும் அரேபியப் பரிசை எனப்படும் பிரீகேம்பிரியன் நிலத்தின் மீதுதான். அங்கு கிரனைட் குடும்பத்தைச் சேர்ந்த தீப்பாறைகள் நிறைய உள்ளன.

இந்தப் பாறைகளை உடைத்து உருப்பெருக்குக் கண்ணாடியால் பார்த்தால், இரண்டிலும் முக்கியமாகக் காணப்படுபவை பெல்ஸ்பார் என்னும் கனிமமும், குவாட்ஸ் என்னும் கனிமமும், அவற்றோடு சேர்ந்த மைக்கா போன்ற கருமையான கனிமங்களும்தான். வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ இருப்பது பெல்ஸ்பார். கண்ணாடித் துண்டுபோல் மினுங்குவது குவாட்ஸ். கருமையான கனிமங்களுக்குள் இரும்பு இருக்கிறது. மூலப்பொருட்கள் பெருமளவு ஒத்திருந்தும் முடிவு வேறாக இருப்பதால், வித்தியாசத்தைப் பாறைக்கு வெளியே, காலநிலையில் தேட வேண்டும்.

உடைவதும் மாறுவதும்

பாறை இருந்த இடத்திலேயே சிதைவதை வானிலையாலழிதல் என்கிறோம். சிதைந்ததை நீரோ காற்றோ எடுத்துச் செல்வது அரிப்பு. பரீட்சையில் பலர் இவ்விரண்டையும் கலந்து எழுதிவிடுகிறார்கள். இங்கு நான் பேசுவது முதலாவதைப் பற்றியே.

பௌதிக வானிலையாலழிதலில் பாறை உடைகிறது. துண்டு சிறிதானாலும் அதற்குள் இருக்கும் பெல்ஸ்பார் பெல்ஸ்பாராகவே இருக்கும். கற்கண்டை அம்மியில் வைத்து நசுக்குவதுபோல என்று சொல்லலாம். தூளானாலும் அது சீனிதான். வெடிப்புக்குள் புகுந்த நீர் உறையும்போது அதன் கனவளவு ஏறத்தாழ 9 சதவீதம் கூடுகிறது, அந்த விரிவு பாறையைப் பிளக்கிறது. உப்புநீர் காயும்போது நுண்துளைகளுக்குள் உப்புப் பளிங்குகள் வளர்ந்து மணிகளைத் தள்ளிக் கழற்றுகின்றன. மேலிருந்த பாரம் அரிப்பினால் நீங்கும்போது கீழிருந்த பாறை சற்று விரிந்து, வெங்காயம் உரிவதுபோலப் படைபடையாகக் கழல்கிறது.

இரசாயன வானிலையாலழிதலில் பாறை வேறு பொருளாக மாறுகிறது. மழைநீர் காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான காபோனிக் அமிலமாக இறங்குகிறது. மண்ணுக்குள் வேர்களும் நுண்ணுயிர்களும் சுவாசிப்பதால், மண்ணின் இடைவெளிகளிலுள்ள காற்றில் காபனீரொட்சைட்டு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பத்து மடங்கு முதல் நூறு மடங்கு வரை கூட இருக்கக்கூடும். ஆகவே நீர் மண்ணைக் கடக்கும்போது அதன் அமிலத்தன்மை மேலும் கூடுகிறது. அந்த நீர் பெல்ஸ்பாரைத் தொடும்போது நடப்பது நீர்ப்பகுப்பு:

2KAlSi3O8 + 2H2CO3 + 9H2O → Al2Si2O5(OH)4 + 4H4SiO4 + 2K+ + 2HCO3-

இந்தச் சமன்பாட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. இடப்பக்கத்தில் முதலாவதாக இருப்பது பெல்ஸ்பார், அது கல். வலப்பக்கத்தில் முதலாவதாக இருப்பது கயோலின். அது வெள்ளைக் களி. மற்றவை, அதாவது பொற்றாசியமும் சிலிக்காவின் ஒரு பகுதியும், நீரில் கரைந்து போய்விடுகின்றன. கல்லைக் கொடுத்துக் களியை வாங்கும் வியாபாரம் இது. இடப்பக்கத்தில் நீர் இல்லாவிட்டால் அம்புக்குறிக்கு வலப்பக்கம் எதுவுமே கிடைக்காது. உம்மம்மாவின் கேள்விக்கான விடை ஏறத்தாழ இந்த ஒரு வரியில் இருக்கிறது. ஆனாலும் அதைக் கொஞ்சம் பரிசோதித்துப் பார்க்க வேண்டும்.

தெஹிவளையிலிருந்து கீழே இறங்குவோம்

கொழும்புப் பகுதியில் ஆண்டு மழை ஏறத்தாழ 2400 மில்லிமீற்றர். சராசரி வெப்பநிலை 27 பாகை செல்சியஸுக்குச் சற்று மேல். மாதத்துக்கு மாதம் அதில் பெரிய மாற்றமும் இல்லை. பாறையைப் பொறுத்தவரை இது ஆண்டு முழுவதும் வெதுவெதுப்பான நீரில் ஊறிக்கொண்டிருப்பதற்குச் சமம்.

கடற்கரை மணலை விட்டுச் சற்று உள்ளே, மேட்டு நிலத்தில் ஆழமாக வெட்டிப் பார்த்தால் பல படைகள் தெரியும். மேலே செம்மண்ணும் சிறு சிவப்புக் கற்களும். அதன் கீழே கபுக். தமிழில் செம்பூரான்கல் என்று சொல்வதும் இதைத்தான். இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தில் பழைய வீடுகளும் மதில்களும் இதனால் கட்டப்பட்டவை. நிலத்துக்குள் ஈரமாக இருக்கும்போது கோடரி போன்ற கருவியாலேயே செங்கல் வடிவில் வெட்டியெடுக்கலாம். வெளியே எடுத்து காயவிட்டால் இறுகிவிடும். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் புக்கானன் என்பவர் கேரளத்தின் அங்காடிப்புறத்தில் இதே வகைக் கல்லைக் கண்டு, செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து லேட்டரைட் என்று பெயரிட்டார். அந்தப் பெயர் உலகப் பாடநூல்களில் நிலைத்துவிட்டது.

கபுக் கல்லின் சிவப்பு எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்த கருமையான கனிமங்களின் இரும்பு, நீரிலிருந்த ஒட்சிசனோடு சேர்ந்து ஒட்சியேற்றம் அடைந்ததால் வந்தது. ஆணி துருப்பிடிப்பதும் இதுதான். பொற்றாசியம், சோடியம், கல்சியம் போன்றவை மழையோடு கழுவப்பட்டுப் போக, எளிதில் கரையாத இரும்பும் அலுமினியமும் மிஞ்சி நிற்கின்றன. ஒரு கபுக் கல்லை உடைத்துப் பார்த்தால் சிவப்புச் சுவர்களுக்கு இடையே வெளிர்மஞ்சளும் வெள்ளையுமாகக் களி அடைந்திருப்பதைக் காணலாம். சிவப்பு, இரும்பு சேர்ந்த இடம். வெள்ளை, ஒரு காலத்தில் பெல்ஸ்பாராக இருந்தது.

கபுக் படைக்குக் கீழே நிறம் வெளிறி, களி கூடுகிறது. அதற்கும் கீழே பாறையின் கோடுகள் தெரியும், ஆனால் கையால் நொறுக்கக்கூடிய மென்மையான பகுதி. எல்லாவற்றுக்கும் அடியில்தான் மாறாத தாய்ப்பாறை. எங்கள் கிணற்றில் முப்பது அடிக்கும் கல் அகப்படாததன் காரணம் இதுதான். உண்மையில் அங்கே கல் இல்லாமல் இருக்கவில்லை. கல் இருந்த இடத்திலேயே களியாகி நிற்கிறது.

அது உண்மையில் அதே இடத்தில் மாறியதா, அல்லது வேறெங்கிருந்தோ ஆறு கொண்டுவந்து போட்டதா என்று கண்டுபிடிக்க ஓர் எளிய வழி உண்டு. குவாட்ஸ் இரசாயன மாற்றத்துக்கு மிக மெதுவாகவே இடங்கொடுக்கும். பாறையின் குறுக்கே ஒரு குவாட்ஸ் நரம்பு ஓடியிருந்தால், சுற்றியிருந்த பாறை முழுவதும் மண்ணான பிறகும் அந்த வெள்ளைக் கோடு அறுபடாமல் நிற்கும். வீதி அமைக்க மேட்டை வெட்டிய இடங்களில், சிவப்பு மண் முகத்தில் இப்படி ஒரு வெள்ளைக் கோடு சாய்வாக ஓடுவதைக் கண்டால், அந்த மண் எங்கிருந்தும் வரவில்லை, நின்ற இடத்திலேயே மாறியது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

தெஹிவளையிலிருந்து கிழக்கே சில கிலோமீற்றர் போனால் பொரலஸ்கமுவ. அங்கு நிலத்துக்கடியில் கிடைக்கும் கயோலின் களியைத் தோண்டிச் சுத்திகரித்து, மட்பாண்டத் தொழிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தேநீர்க் கோப்பையும் சோற்றுப் பீங்கானும் செய்ய உதவுகிற அந்த வெள்ளைக் களி, மேலே எழுதிய சமன்பாட்டின் வலப்பக்கத்தில் இருக்கும் அதே பொருள்தான்.

வெயில் மட்டும் போதுமா?

இனி மக்காவுக்குப் போவோம். அங்கு ஆண்டுச் சராசரி வெப்பநிலை 30 பாகை செல்சியஸுக்கும் மேல்; கொழும்பைவிட அதிகம். இரசாயனப் பாடத்தில், வெப்பநிலை 10 பாகை கூடினால் தாக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்று ஒரு பொதுவிதி படித்திருக்கிறோம். அதை மட்டும் வைத்துப் பார்த்தால், தெஹிவளையை விட மக்காவில்தான் இரசாயன வானிலையாலழிதல் வேகமாக நடக்க வேண்டும். ஆனால் அங்கு ஆண்டு மழை 110 மில்லிமீற்றர் அளவில்தான் இருக்கிறது. கொழும்பில் பெய்வதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. அந்தச் சிறிதளவும் சில நாட்களில் கொட்டி, ஓடி, மீதி ஆவியாகிவிடுகிறது. பாறைக்குள் ஊறிக் கீழிறங்கி, கரைந்தவற்றைக் கழுவிக்கொண்டு போக நீர் மிஞ்சுவதில்லை. செடிகொடிகளும் குறைவு. அதனால் மண்ணுக்குள் சேரும் காபனீரொட்சைட்டும் குறைவு. அடுப்பு நன்றாக எரிகிறது, ஆனால் சட்டிக்குள் எதுவும் இல்லை என்பதுபோன்ற நிலை இது.

சரி, அங்கு இரசாயனம் வேலை செய்யவில்லை என்றால், பகலின் கொடும் வெப்பமும் இரவின் குளிரும் பாறையை விரித்துச் சுருக்கி உடைத்திருக்கக்கூடாதா? பாடக்குறிப்புகளில் அப்படித்தான் எழுதியிருக்கும். இதை ஒருவர் பரிசோதித்தே பார்த்திருக்கிறார். டேவிட் கிறிக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர், 1936இல் வெளியிட்ட ஆய்வுக்காக, பளபளப்பாக்கிய ஒரு சிறு கிரனைட் துண்டை மாறி மாறிச் சூடாக்கிக் குளிரவைத்தார். ஒவ்வொரு தடவையும் ஏறத்தாழ 110 பாகை வித்தியாசம். இப்படி 89,400 தடவைகள். நாளுக்கு ஒரு தடவை என்று கணக்குப் பார்த்தால் இது சுமார் 244 ஆண்டுகளின் பகல் இரவுக்குச் சமம். இறுதியில் துண்டை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்தபோது மாற்றம் ஒன்றும் தெரியவில்லை.

பின்னர் அவர் அதே வேலையை ஒரேயொரு வித்தியாசத்துடன் செய்தார். காற்றால் குளிரவைப்பதற்குப் பதிலாக நீரைத் தெளித்துக் குளிரவைத்தார். இரண்டரை ஆண்டுகளின் அளவுக்குச் சமமான தடவைகளிலேயே கல் பளபளப்பை இழந்து, வெடிப்புகள் தோன்றத் தொடங்கின.

இந்தப் பரிசோதனைக்கும் எல்லை உண்டு. எல்லாப் பக்கமும் சுதந்திரமாக விரியக்கூடிய சிறு துண்டும், நாற்புறமும் நெருக்கப்பட்டு நிற்கும் மலையும் ஒன்றல்ல என்று பின்வந்தவர்கள் சுட்டிக்காட்டினார்கள். அது நியாயமானதே. ஆகவே வெயில் பாறையை உடைக்கவே உடைக்காது என்று இதை வைத்து முடிவுகட்ட முடியாது. ஆனால் ஒன்று உறுதியாகத் தெரிகிறது. பௌதிக வானிலையாலழிதல் என்று நாம் தனி நிரலில் எழுதும் வேலைக்கும் சிறிதளவு நீர் பெருந்துணை. உறைபனிக்கு நீர் வேண்டும், உப்புப் பளிங்குக்கும் நீர் வேண்டும், வெப்ப விரிவும்கூட ஈரம் இருந்தால்தான் விரைவாகப் பலன் தருகிறது.

அப்படியானால் வறண்ட நாட்டில் பௌதிக வானிலையாலழிதல் “மேலோங்குகிறது” என்று ஏன் சொல்கிறோம்? இங்கேதான் நான் நீண்டகாலம் தவறாக விளங்கி வைத்திருந்தேன். மேலோங்குதல் என்றால் அதிகமாக நடத்தல் என்று நினைத்திருந்தேன். அது பங்கைப் பற்றிய சொல், அளவைப் பற்றியது அல்ல. ஒரு ரூபாயில் எழுபது சதம் பெரும்பங்குதான். ஆனாலும் அது ஒரு ரூபாய்க்குள் அடங்கியது. மக்காவின் மலைகளில் மொத்தமாக நடக்கும் சிதைவே சிறிது. அந்தச் சிறிதில் பௌதிகத்தின் பங்கு பெரிது. தெஹிவளையில் மொத்தமும் பெரிது. அதில் இரசாயனத்தின் பங்கு மிகப் பெரிது. உம்மம்மா கண்ட மொட்டைக் கல், வெயில் குறைவு என்பதற்கு அடையாளம் அல்ல. நீர் குறைவு என்பதற்கு அடையாளம்.

லூயிஸ் பெல்டியர் என்பவர் 1950இல் வெளியிட்ட வரைபடம் இந்தச் சிந்தனையைத்தான் படமாக்குகிறது. ஓர் அச்சில் ஆண்டுச் சராசரி வெப்பநிலை, மற்ற அச்சில் ஆண்டு மழை. கொழும்பை அதில் குறித்தால் வலுவான இரசாயன வானிலையாலழிதல் என்ற மூலைக்குப் போகும். மக்காவைக் குறித்தால் மிகக் குறைந்த வானிலையாலழிதல் என்ற பகுதிக்குப் போகும். இரண்டு ஊர்களுக்கும் வெப்பநிலையில் உள்ள வித்தியாசம் சில பாகைகளே. மழைதான் அவற்றை எதிரெதிர் மூலைகளில் நிறுத்துகிறது.

குளிர்ந்த வறட்சி

மழை குறைவு, ஆனால் வெப்பமும் குறைவு என்றால் என்ன நடக்கும்? இதற்கு லடாக்கின் லே நகரத்தைப் பார்க்கலாம். அதன் வடக்கே எழும் மலைத்தொடரும் கிரனைட் குடும்பத்துப் பாறைதான். அங்கும் ஆண்டு மழை 100 மில்லிமீற்றர் அளவில். ஆனால் பகலில் உருகும் பனி வெடிப்புக்குள் இறங்க, இரவில் அது உறைகிறது. மறுநாள் மீண்டும் உருகுகிறது. நீர் சிறிதளவுதான், ஆனால் அதே நீர் திரும்பத் திரும்ப ஆப்பாக வேலை செய்கிறது. அதனால் மலைச்சரிவுகளின் அடியில் கூர்முனைகளோடு உடைந்த கற்கள் குவிந்து கிடக்கின்றன. கையில் எடுத்துப் பார்த்தால் பெல்ஸ்பார் பெரும்பாலும் பெல்ஸ்பாராகவே இருக்கும்.

எமது நுவரெலியாவிலும் சில ஜனவரி அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி படிகிறது. அதைக் கண்டு அங்கும் உறைபனி வானிலையாலழிதல் நடக்கிறது என்று எழுதிவிடக்கூடாது. அது சூரியன் ஏறியதும் மறைகிற மேற்பரப்புப் பனி; பாறையின் வெடிப்புகளுக்குள் நீரை உறையவைக்கும் அளவுக்குக் குளிர் உள்ளிறங்குவதில்லை. அங்கு சராசரி வெப்பநிலை 16 பாகை அளவில். பொதுவிதிப்படி பார்த்தால் தாக்கங்களின் வேகம் கொழும்பின் பாதியளவுக்குக் குறையலாம். ஆனாலும் மழை தாராளம், காலமும் தாராளம். ஆகவே அங்கும் தேயிலைச் செடிக்கு அடியில் ஆழமான மண் இருக்கிறது.

காலநிலை மட்டுமே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை

விதியைச் சொன்னால் அதன் எல்லையையும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் மழை கொழும்பின் பாதியளவுதான். அதுவும் பெரும்பாலும் ஆண்டின் இறுதி மாதங்களில் பெய்வது. விதிப்படி அங்கு இரசாயன வானிலையாலழிதல் மந்தமாக இருக்க வேண்டும். ஆனால் அங்குள்ள பாறை சுண்ணாம்புக்கல். கல்சியம் காபனேற்று, காபோனிக் அமிலம் கலந்த நீரில் நேரடியாகவே கரையும். ஆகவே குறைந்த மழையிலும் நிலத்துக்கடியில் குகைகளும் துளைகளும் உண்டாகியிருக்கின்றன. புத்தூரின் நிலாவரைக் கிணறு அப்படி உண்டான ஒரு பள்ளம்தான். யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் கொதிக்கவைக்கும் கேத்தலில் வெள்ளையாகப் படிவது, முன்பு கரைந்துபோன அந்தச் சுண்ணாம்புக்கல் மீண்டும் திரும்பி வருவதே.

மழை நிறைந்த இடத்திலும் சில மொட்டைக் குன்றுகள் நிற்கின்றன. காரணம், அந்தப் பாறையில் வெடிப்புகள் மிகக் குறைவு. நீர் எவ்வளவு பெய்தாலும் உள்ளே போக வழி இல்லை என்றால் வழிந்து ஓடிவிடும். இங்கேதான் இரண்டு வகைகளும் கைகோர்க்கின்றன. ஒரு மீற்றர் பக்கமுள்ள கல் கனவுரு ஒன்றின் வெளிமேற்பரப்பு 6 சதுரமீற்றர். அதைப் பத்து சென்ரிமீற்றர் பக்கமுள்ள ஆயிரம் சிறு கனவுருக்களாக உடைத்தால், மொத்த மேற்பரப்பு 60 சதுரமீற்றராகிவிடும். கல்லின் அளவு கூடவில்லை. ஆனால் நீர் தொடக்கூடிய இடம் பத்து மடங்காகிவிட்டது. பௌதிகம் கதவைத் திறக்கிறது, இரசாயனம் உள்ளே நுழைகிறது.

எங்கள் ஊருக்குள்ளேயே இன்னொரு விதிவிலக்கும் இருக்கிறது. ரயில் பாதைக்குப் பக்கத்திலுள்ள, கடலைப் பார்த்த வீடுகளின் வெளிச்சுவர்களைக் கவனித்துப் பாருங்கள். பூச்சு மாவுபோல உதிர்ந்து, தரையில் கொட்டிக் கிடக்கும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு சுவரின் துளைகளில் ஊறி, காய்ந்து, பளிங்காகி, மணிகளைத் தள்ளுவதன் விளைவு அது. இரசாயனம் ஆட்சி செய்யும் ஈரவலயத்திலேயே, கடலோரத்தின் ஒரு சிறு பட்டியில் பௌதிக வானிலையாலழிதல் இவ்வளவு வெளிப்படையாக வேலை செய்கிறது.

கடைசி எல்லை காலம். ஒரு மீற்றர் கடினப்பாறை இப்படி மென்மையாவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை நீண்ட காலத்தில் காலநிலையே மாறிவிடக்கூடும். அரேபியாவில் இன்றைவிட ஈரமான காலங்கள் இருந்திருக்கின்றன. ஆகவே அங்குள்ள ஒவ்வொரு பாறையின் வடிவத்தையும் இன்றைய வெயிலோடு மட்டும் பொருத்திவிட முடியாது.

கையிலெடுத்த கல் எதைச் சொல்கிறது?

ஒரு கல் எந்த வழியில் சிதைந்தது என்று பார்க்க ஆய்வுகூடம் அவசியமில்லை. விளிம்பைப் பாருங்கள். கூராக, புதிதாக உடைந்ததுபோல் இருந்து, உள்ளும் புறமும் ஒரே நிறமாக இருந்தால் அது பௌதிகத்தின் கைவேலை. மூலைகள் உருண்டு, வெளியே பழுப்போ சிவப்போ ஒரு தோல்போலப் படர்ந்திருந்தால் இரசாயனம் வேலை செய்திருக்கிறது. பிறகு வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் சுரண்டுங்கள். நல்ல பெல்ஸ்பாரில் நகம் பதியாது. வெண்கட்டிபோலத் தூள் ஒட்டினால், அது களியாகத் தொடங்கிவிட்டது. நகத்துக்கு அசையாமல் மினுங்கிக்கொண்டிருப்பது குவாட்ஸ். அது கடைசிவரை நின்று, ஆற்றோடு போய், எங்கள் கடற்கரையில் மணலாகச் சேரும்.

இவ்வளவையும் உம்மம்மாவிடம் சொன்னேன். சமன்பாட்டை மட்டும் விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார்.

“அப்ப அங்க வெயில் கல்லைக் காயப்போட்டு வெச்சிருக்கு, இங்க மழை கல்லை ஊறப்போட்டு வெச்சிருக்கு. அப்பிடித்தானே?”

நான் இரண்டு நிரல்களில் எழுதிக்கொண்டிருந்ததற்கு இதைவிடச் சுருக்கமான விடை எனக்குத் தெரியாது.